ஒலி ஒத்தால் உறவாகிவிடுமா? தமிழ் - கொரியன் கதையும் எல்லிஸின் அளவுகோலும்

கொரிய மொழியில் அப்பாவை ‘அப்பா’ என்கிறார்கள். அம்மாவை ‘ஒம்மா’ என்கிறார்கள். ‘நான்’ என்பதற்கு ‘நா’, ‘நீ’ என்பதற்கு ‘நொ’, ‘வா’ என்பதற்கு ‘வா’, புல்லுக்குப் ‘புல்’, நாளுக்கு ‘நல்’. இந்தப் பட்டியல் சில ஆண்டுகளாகக் காணொளியாகவும் பதிவாகவும் நம் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. முடிவில் தவறாமல் ஒரு தீர்ப்பும் வருகிறது: கொரிய மொழி தமிழிலிருந்து பிறந்தது.

கேட்க இனிக்கிறது. யாருக்கும் தீங்கில்லாத பெருமைதானே, போகட்டும் என்று விட்டுவிடலாம் என்று தோழர்கள் சிலர் நினைக்கக்கூடும். விட்டுவிட முடியாது என்பதே நம் கருத்து. தமிழ் சமஸ்கிருதத்தின் கிளை மொழி அல்ல என்று இருநூறு ஆண்டுகளுக்கு முன் நிறுவப்பட்டது ஓர் அளவுகோலைக் கொண்டுதான். அதே அளவுகோல்தான் இந்தக் கொரியப் பட்டியலைத் தள்ளுகிறது. நமக்குப் பிடித்த முடிவுக்காக அதை வளைத்தால், நமக்கு எதிரான கட்டுக்கதைகளைத் தள்ள நம்மிடம் எதுவும் மிஞ்சாது.

1816இல் சென்னையில் நடந்ததை முதலில் பார்ப்போம். தென்னக மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை என்பது அன்று கல்கத்தாவில் இருந்த ஆங்கில அறிஞர்களின் பொதுக் கருத்து. பிரான்சிஸ் வைட் எல்லிஸ் அதை மறுத்தார். கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலுக்கு அவர் எழுதிய முன்குறிப்பில் அந்த மறுப்பு இருக்கிறது. தெலுங்கில் சமஸ்கிருதச் சொற்கள் மலைபோல் குவிந்திருப்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் சொற்கள் குவிந்திருப்பது கடனைக் காட்டுமே தவிரப் பிறப்பைக் காட்டாது என்றார். சமஸ்கிருத வினைவேர்களையும் தெலுங்கு வினைவேர்களையும் அகரவரிசையில் பக்கம் பக்கமாக வைத்தார், பொருந்தவில்லை. பிறகு தெலுங்கு, கன்னட, தமிழ் வேர்களை அதேபோல் வைத்தார், பொருந்தின. 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் இதை விரித்து எழுதினார்.

எல்லிஸ் செய்ததன் உள்ளீடு இதுதான்: மேலே மிதக்கும் ஒற்றுமையை ஒதுக்கிவிட்டு, அடியில் இருப்பது ஒழுங்காகப் பொருந்துகிறதா என்று பார்ப்பது. அந்த ஒழுங்கு என்ன என்று புரிந்துகொண்டால் கொரியப் பட்டியலை யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம்.

இரண்டு மொழிகளில் இரண்டு சொற்கள் ஒத்திருக்க நான்கு காரணங்கள் இருக்க முடியும். ஒன்று, குழந்தை மொழி. இரண்டு, கடன். மூன்று, தற்செயல். நான்காவதுதான் உறவு. முதல் மூன்றையும் விலக்கிய பிறகே நான்காவதைப் பேச வேண்டும்.

குழந்தை மொழியை விலக்குவது எளிது. வாயைத் திறந்து மூடினாலே ‘மா’, ‘பா’ வந்துவிடும். குழந்தை முதலில் எழுப்பும் ஒலிகளைப் பெற்றோர் தங்களைக் கூப்பிடுவதாக எடுத்துக்கொள்வது உலகெங்கும் நடக்கிறது. ரோமான் யாகப்சன் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, ‘தேதா’ என்றால் அம்மா. எந்த ஒலியை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் மொழிகள் வேறுபடுகின்றன. ஆகவே அப்பாவையும் அம்மாவையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். சீனமும் ஆங்கிலமும் கூட இந்தச் சோதனையில் தமிழுக்கு உறவாகிவிடும்.

கடன் என்பதை நாம் நன்றாக அறிவோம். ‘நீர’, ‘மீன’ என்ற சொற்கள் சமஸ்கிருதத்தில் இருக்கின்றன. அவை திராவிட மொழிகளிலிருந்து போனவை என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அதனால் சமஸ்கிருதம் தமிழின் மகள் என்று ஆகிவிடாது. ‘மனம்’, ‘நகரம்’ தமிழில் இருப்பதால் தமிழ் சமஸ்கிருதத்தின் மகளும் ஆகாது.

அடுத்தது தற்செயல். மனித மனம் இதைத்தான் மிகவும் குறைத்து மதிப்பிடுகிறது. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பபராமில் நாய்க்கு ‘டாக்’ என்று பெயர். ஆங்கிலேயரிடமிருந்து வந்த சொல் அல்ல. ‘குடக’ என்ற பழைய சொல், அந்த மொழியில் நடந்த ஒலிமாற்றங்களால் தேய்ந்து அப்படி ஆனது. ஆங்கிலத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இப்படிப்பட்ட தற்செயல்கள் எவ்வளவு கிடைக்கும் என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். உறவே இல்லாத இரண்டு மொழிகளை எடுத்துக்கொள்வோம். ஒரே பொருளுள்ள இரண்டு சொற்களில் முதல் மெய்யொலி ஏறக்குறைய ஒத்துப்போக பத்தில் ஒரு வாய்ப்பு என்று வைப்போம். இரண்டாவது மெய்யொலிக்கும் அப்படியே. உயிரொலியைக் கண்டுகொள்ள வேண்டாம், பட்டியல் போடுபவர்கள் யாரும் கண்டுகொள்வதில்லை. இரண்டும் ஒத்துப்போக நூற்றில் ஒரு வாய்ப்பு. ஆயிரம் சொற்களை ஒப்பிட்டால் பத்து ஜோடிகள் சும்மா கிடைக்கும்.

இனிப் பொருளைத் தளர்த்துங்கள். ‘நாள்’ என்பதற்கு நாள் மட்டுமின்றி பகல், ஞாயிறு, ஒளி, வெயில், காலம், காலை, வெண்மை எதுவானாலும் சரி என்று சொல்லுங்கள். ஒரு சொல்லுக்குப் பத்துச் சொற்களோடு ஒப்பிடும் வாய்ப்பு கிடைக்கிறது. பத்து ஜோடிகள் நூறாகின்றன. ஐயாயிரம் சொற்கள் கொண்ட அகராதியில் தேடினால் ஐந்நூறு. இன்னும் எந்த உறவும் வரவில்லை. கொரியனுக்கும் திராவிட மொழிகளுக்கும் 400க்கு மேற்பட்ட பொதுச்சொற்கள் உண்டு என்று 1984இல் கிளிப்பிஞ்சர் ஒரு பட்டியல் தந்தார். எண் பெரியது என்று மலைக்கத் தேவையில்லை. எத்தனை ஆயிரம் சொற்களில், எவ்வளவு தளர்ந்த பொருளில் தேடிக் கிடைத்த நானூறு என்பதே கேள்வி. இந்தக் கணக்கை முறையாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று டொனால்ட் ரிஞ்ச் 1992இல் ஒரு நூலே எழுதினார்.

அப்படியானால் உண்மையான உறவை எதைக் கொண்டு அறிவது? ஒழுங்கைக் கொண்டு. ஓர் ஒலி ஒரு மொழியில் மாறினால், அதே சூழலில் அது எல்லாச் சொற்களிலும் ஒரே மாதிரிதான் மாறும். ஒரு சொல்லைப் பார்த்து ஏமாறலாம். ஒரு வரிசையைப் பார்த்து ஏமாறுவது கடினம்.

தமிழில் ‘ப’ வில் தொடங்கும் ஏழு அன்றாடச் சொற்களை எடுத்துக்கொள்வோம்: புல், பல், பால், பூ, புலி, பாம்பு, பத்து. கன்னடத்தில் இவை ஹுல்லு, ஹல்லு, ஹாலு, ஹூவு, ஹுலி, ஹாவு, ஹத்து. ஏழிலும் தமிழின் ‘ப’ இருக்கும் இடத்தில் கன்னடத்தில் ‘ஹ’ இருக்கிறது. பழங்கன்னடக் கல்வெட்டுகளில் இந்த இடத்தில் ‘ப’ இருந்தது, பிற்காலத்தில் ‘ஹ’ ஆனது என்பதையும் கல்லிலேயே பார்க்க முடிகிறது. ‘ப’ வும் ‘ஹ’ வும் காதுக்கு ஒத்த ஒலிகள் அல்ல என்பதைக் கவனியுங்கள். ஒலி ஒக்காமலேயே உறவு நிறுவப்படுகிறது.

அதே ஏழு சொற்களைக் கொரியனில் பாருங்கள். புல் என்பது ‘புல்’. பல் என்பது ‘இ’. பால் என்பது ‘ஜொத்’. பூ என்பது ‘கொத்’. புலி என்பது ‘பொம்’. பாம்பு என்பது ‘பேம்’. பத்து என்பது ‘யொல்’. ஏழில் மூன்று சொற்கள் உதட்டொலியில் தொடங்குகின்றன. சரி, அந்த மூன்றையாவது எடுத்துக்கொள்ளலாமா? கொரியனில் ‘புல்’லின் முதல் ஒலி மூச்சோடு வெடிக்கும் ப, ‘பொம்’, ‘பேம்’ இரண்டிலும் அது சாதாரணப் ப. கொரியர்களுக்கு இவை வெவ்வேறு எழுத்துகள். ‘புல்’லில் தமிழின் ல் கொரியனிலும் ல் ஆக இருக்கிறது, புலியில் அது ம் ஆகிவிடுகிறது. ஏன் என்பதற்கு விதி எதுவும் இல்லை. மற்ற நான்கு சொற்களில் ‘ப’ எங்கே போனது என்பதற்கும் இல்லை. கன்னட வரிசையில் ஒரு விதி ஏழு சொற்களை விளக்குகிறது. கொரிய வரிசையில் ஏழு சொற்களுக்கு ஏழு சமாதானங்கள் தேவைப்படுகின்றன.

‘புல்’ அப்படியே ஒத்திருக்கிறதே என்று கேட்கலாம். இங்கேதான் இரண்டாவது சோதனை: இரு மொழிகளின் பழைய வடிவங்களை ஒப்பிட வேண்டும், இன்றைய வடிவங்களை அல்ல. கொரிய எழுத்து 15ஆம் நூற்றாண்டில் உருவாக்கப்பட்டது. அக்கால நூல்களில் இந்தச் சொல்லில் உகரம் இல்லை. உதடு குவியாத வேறொரு உயிர் இருக்கிறது. உதட்டொலிக்குப் பின்னால் வந்ததால் அது பிற்காலத்தில் உகரமாக மாறியது. நீர், நெருப்பு ஆகியவற்றுக்கான கொரியச் சொற்களிலும் அதே மாற்றம் நடந்தது. நம்மைக் கவர்ந்த அந்த உகர ஒற்றுமை சில நூற்றாண்டு வயதுள்ளது. ஆயிரக்கணக்கான ஆண்டு உறவுக்கு அது எப்படிச் சாட்சி சொல்லும்?

‘நான்’ என்ற சொல்லுக்கும் அதே கதி. பட்டியலின் மணிமுடி அதுதான். ஆனால் தொல்காப்பியத்தில் இருப்பது ‘யான்’. சங்கப் பாடல்களில் பேசுகிறவர்கள் ‘யான்’ என்றே பேசுகிறார்கள். பழங்கன்னடத்தில் ‘ஆன்’, பழந்தெலுங்கில் ‘ஏனு’. நகரம் பிற்காலத்தில் முன்னால் ஒட்டிக்கொண்டது. மூலத்திராவிட வடிவத்துக்குப் போனால் கொரிய ‘நா’வோடு ஒத்துப்போக அங்கே நகரமே இல்லை.

‘வா’ இன்னும் பாடம் சொல்லும் சொல். கொரியனில் வருதல் என்பதன் வேர் ‘ஓ’. அதோடு ‘ஆ’ என்ற விகுதி சேர்ந்து ‘ஓ-ஆ’ என்பது ‘வா’ என்று ஒலிக்கிறது. ஆக, அதில் உள்ள வகரம் வேரில் இல்லை. இரண்டு உயிர்கள் உரசியதால் வந்தது. தமிழிலோ வேரின் முதலெழுத்தே வகரம். உறுப்புகளைப் பிரிக்காமல் முழுச் சொல்லைப் பார்த்ததால் வந்த மயக்கம் இது.

இதே ‘வா’ வைக் கொண்டு உண்மையான உறவு எப்படி இருக்கும் என்றும் காட்டலாம். தமிழில் இது ஒழுங்கற்ற வினை: ஏவலில் வா, நிகழ்காலத்தில் வருகிறான், இறந்தகாலத்தில் வந்தான். கன்னடத்தில் ‘பா’, ‘பருத்தானெ’, ‘பந்த’. வகரம் மெல்லிய பகரமாகியிருக்கிறது. வாய் - பாயி, வேர் - பேரு, வில் - பில்லு என்று எல்லா இடங்களிலும் அப்படித்தான். அதற்கும் மேல், ஒழுங்கின்மையும் அதே இடத்தில் அதே வடிவில் இருக்கிறது. ஒரு சொல்லைக் கடன் வாங்கலாம். மூன்று வேறு வடிவம் காட்டும் ஒரு வினையின் கோணலை யாரும் அப்படியே கடன் வாங்குவதில்லை. அது தற்செயலாகவும் அமைவதில்லை. சமஸ்கிருதத்தையும் லத்தீனையும் இணைத்ததும் இப்படிப்பட்ட கோணல்தான்: அங்கே ‘அஸ்தி - ஸந்தி’, இங்கே ‘எஸ்த் - சுந்த்’. பிரெஞ்சு அறிஞர் மெய்யே, உறவை நிறுவ இத்தகைய தனிப்பட்ட இலக்கணக் கூறுகளையே பெரிதும் நம்ப வேண்டும் என்றார்.

உண்மையான உறவுச் சொற்கள் பல நேரங்களில் கொஞ்சமும் ஒத்திருப்பதில்லை. ஆர்மீனிய மொழியில் இரண்டுக்கு ‘எர்கு’. சமஸ்கிருதத்தில் ‘த்வா’. இவை ஒரே மூலத்தின் பிள்ளைகள். மூலத்தில் ‘த்வ்’ இருந்த இடத்தில் ஆர்மீனியத்தில் ‘எர்க்’ வருகிறது. நீளத்தையும் அச்சத்தையும் குறிக்கும் சொற்களிலும் அதே மாற்றம் காணப்படுகிறது. காதை நம்பினால் இந்த உறவை ஒருநாளும் கண்டுபிடித்திருக்க முடியாது.

தூரம் ஒரு தடையே அல்ல என்பதற்கும் நம் குடும்பத்திலேயே சான்று இருக்கிறது. பலுசிஸ்தானில் பேசப்படும் பிராகுயி மொழி, தென்னகத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஈரானிய மொழிகளுக்கு நடுவே நிற்கிறது. அதன் சொற்களில் பெரும்பகுதி பலோச்சி, பாரசீகம், அரபு போன்றவற்றிலிருந்து வந்த கடன். வெறும் சொல்லெண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அது திராவிட மொழியே அல்ல என்று தோன்றும். ஆனால் கண், கல் ஆகியவற்றின் ககரம் அங்கே தொண்டையில் உரசும் ‘ஃக’ ஆக ஒழுங்காக மாறி நிற்கிறது. வாய் ‘பா’ என்றும் வருதலின் வேர் ‘பர்’ என்றும் ஆகியிருக்கிறது. முதல் மூன்று எண்கள் ‘அசிட்’, ‘இரட்’, ‘முசிட்’. சொற்கள் சிலவே என்றாலும், ஒழுங்கும் இலக்கணமும் இருப்பதால் அறிஞர் உலகம் தயங்காமல் அதை நம் குடும்பத்தில் சேர்த்தது. தமிழ் வெறுப்பால்தான் கொரிய உறவை மறுக்கிறார்கள் என்று சொல்பவர்கள் பிராகுயியைப் பார்க்க வேண்டும்.

தமிழை ஜப்பானிய மொழியோடு இணைத்த சுசுமு ஓனோவின் முயற்சி காணொளிப் பட்டியலைவிட எவ்வளவோ மேலானது. 1980 முதல் பல ஆண்டுகள் உழைத்து, யாழ்ப்பாணத் தமிழறிஞர்களின் துணையோடு அவர் ஒலி இணைகளின் அட்டவணைகளையே தந்தார். வெறும் ஒற்றுமை போதாது, ஒழுங்கு வேண்டும் என்று அவர் அறிந்திருந்தார். ஆனாலும் ஜப்பானிய மொழியியலாளர்களே பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. ஒரு தமிழ் ஒலிக்கு எதிராகப் பல ஜப்பானிய ஒலிகளை அனுமதித்ததும், பொருளில் அதிகம் தளர்ந்ததும் முக்கியக் குறைகளாகச் சுட்டப்பட்டன. இணைகளின் எண்ணிக்கை கூடக்கூட ‘ஒழுங்கு’ என்ற சொல் பொருளிழக்கிறது; எதற்கும் எது வேண்டுமானாலும் பொருந்தும் என்றால் அது விதி ஆகாது. பிற்காலத்தில் ஓனோவே பிறப்புறவு என்ற நிலையிலிருந்து நகர்ந்து, பழைய மொழி ஒன்றின் மேல் தமிழ் வந்து படிந்த கலப்பு என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தமிழுக்கும் கொரியனுக்கும் உறவே இல்லை என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. அப்படி நிரூபிக்கவும் முடியாது. எவ்வளவு பழைய உறவானாலும் காலம் போகப் போகச் சான்றுகள் தேய்ந்துபோகும். ஒரு கட்டத்துக்கு மேல் மிஞ்சிய உறவுச் சொற்களும் தற்செயல் சொற்களும் எண்ணிக்கையில் ஒன்றுபோலாகிவிடும். அதன்பின் ‘தெரியவில்லை’ என்பதே நேர்மையான விடை. உறவு உண்டு என்பவர்தான் சான்று தர வேண்டும். இல்லை என்பவர் அல்ல.

இந்த நேர்மையால் நமக்கு என்ன லாபம்? 13ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘சம்குக் யுசா’ என்ற கொரிய நூலில், ‘அயுதா’ என்ற நாட்டிலிருந்து கடல்வழி வந்து அரசியான ஓர் இளவரசியின் கதை இருக்கிறது. நம்மில் சிலர் அந்த நாடு தமிழகத்தின் ஆய் நாடு என்கிறார்கள். அது அயோத்தி என்கிறார்கள் மற்றவர்கள். 2001இல் அயோத்தியில் நினைவுச்சின்னமே எழுப்பிவிட்டார்கள். இரு தரப்பின் கையிலும் இருக்கும் சான்று ஒன்றுதான்: ஒலி ஒத்திருக்கிறது. அந்தச் சான்றை ‘ஆய்’க்கு ஏற்றுக்கொண்டால் ‘அயோத்தி’க்கு மறுக்க முடியாது. எந்த முடிவு கல்லில் எழும் என்பதை அப்போது ஆராய்ச்சி தீர்மானிப்பதில்லை, அதிகாரம்தான் தீர்மானிக்கிறது.

தமிழே உலகின் முதன்மொழி என்று வாதிட்ட பாவாணரின் உழைப்புக்கும் தமிழ்ப்பற்றுக்கும் நாம் தலைவணங்குகிறோம். ஆனால் தமிழ்ச் சொற்களின் உட்பிரிவுகளை ஆராய்வது ஒன்று. உலக மொழிகளின் சொற்களையெல்லாம் ஒலியொற்றுமையால் தமிழ் வேருக்குள் கொண்டுவருவது வேறொன்று. இரண்டாவது முறை எல்லிஸின் சோதனையில் தேறாது. ‘சமஸ்கிருதமே எல்லா மொழிகளுக்கும் தாய்’ என்பவர்கள் கையாள்வதும் இதே முறைதான். தாயின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். முதலில் பிறந்தது உயர்ந்தது, அதிலிருந்து வந்தவை தாழ்ந்தவை என்ற எண்ணத்தை மனிதரிடையே எதிர்க்கும் நாம், மொழிகளிடையே அதை வளர்ப்பது எப்படிச் சரியாகும்?

ஆகவே அடுத்த பட்டியல் கைக்கு வரும்போது சில கேள்விகள் கேளுங்கள். சொற்களை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு ஒப்பிட்டார்களா, ஒத்தவற்றை மட்டும் பொறுக்கினார்களா? மூலத்திராவிட வடிவத்தைப் பார்த்தார்களா, இன்றைய பேச்சுத் தமிழையா? ‘ப’ ஒரு சொல்லில் ‘ப’ ஆக இருந்தால் மற்ற சொற்களிலும் இருக்கிறதா? அதே முறையில் சுவாஹிலியோடு ஒப்பிட்டால் எத்தனை சொற்கள் கிடைக்கும் என்று பார்த்தார்களா? இவற்றில் கடைசிக் கேள்வி மிக எளிது, வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஓர் அகராதியும் ஒரு மாலைப்பொழுதும் போதும். உறவே இல்லாத மொழியிலும் ஒரு பட்டியல் தேறிவிடும்.